ஒரே கோட், மூன்று விதமான உடை: நீளம், தோள், நிறத்தை எப்படி முடிவு செய்தோம்

போன அக்டோபரில் என் தங்கை டொராண்டோவுக்கு வந்தாள். வேலை டவுன்டவுனில், வீடு ஸ்கார்பரோவில். காலையில் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் பத்து நிமிட நடை, அங்கே காத்திருப்பு, கென்னடி நிலையத்தில் சப்வே, இறங்கிய பிறகு மறுபடியும் ஒரு நடை. "அக்கா, இந்த வருஷம் ஒரு கோட்டுதான் வாங்க முடியும். ஆபீஸுக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் எங்களுக்கு முன்னால் இருந்த கேள்வி எந்தக் கோட் அழகு என்பதல்ல. அவள் உண்மையில் உடுத்தும் மூன்று விதமான உடைகளின் மேலும் எந்தக் கோட் சரியாக உட்காரும் என்பதுதான்.

அந்த மூன்று: வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிளேசரும் பேன்ட்டும், மற்ற நாட்களில் ஜீன்ஸும் தடித்த ஸ்வெட்டரும், வெள்ளிக்கிழமையோ விசேஷ நாளோ வந்தால் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் குர்தா. மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனோம். வேறு எந்த ஆலோசனையை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். என் முதல் கோட்டை நான் டி-ஷர்ட்டின் மேல் போட்டுப் பார்த்து வாங்கினேன். கடைக் கண்ணாடியில் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. டிசம்பரில் பிளேசருக்கு மேல் போட்டபோது கையை முன்னால் நீட்டவே முடியவில்லை. ஜனவரி முடிவதற்குள் அக்குளில் லைனிங் கிழிந்துவிட்டது. கோட்டில் குறை இல்லை. எதன் மேல் போடப் போகிறேன் என்று யோசிக்காமல் வாங்கியதுதான் தப்பு.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் இன்ச் டேப் வைத்துச் சில அளவுகள் எடுத்தோம். தங்கையின் உயரம் 158 சென்டிமீட்டர். கழுத்தின் பின்புறம் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து முழங்கால் நடுவரை 92 சென்டிமீட்டர். அதே எலும்பிலிருந்து அவளுடைய பிளேசரின் கீழ் விளிம்பு வரை 66, குர்தாவின் விளிம்பு வரை 102. கடைகளின் அளவுப் பட்டியலில் 'பின்புற நீளம்' என்று கொடுப்பது ஏறக்குறைய இந்த அளவைத்தான். காலர் தையலுக்குக் கீழிருந்து விளிம்பு வரை. 'நீளக் கோட்', 'குட்டைக் கோட்' என்ற பெயர்களை நம்பவே வேண்டாம். ஐந்தடி எட்டங்குலப் பெண்ணுக்குத் தொடைவரை வருவது ஐந்தடி இரண்டங்குலப் பெண்ணுக்கு முழங்காலைத் தொட்டுவிடும். உங்கள் உடம்பில் அந்த எண் எங்கே வந்து நிற்கும் என்பதுதான் கணக்கு.

நீளத்தில் எங்களுக்கு நான்கு வாய்ப்புகள் இருந்தன. முதலாவது, 68 சென்டிமீட்டரில் இடுப்புக்குச் சற்றுக் கீழே முடியும் பஞ்சடைத்த ஜாக்கெட். ஜீன்ஸுக்கு நன்றாக இருந்தது. காரில் ஏறி இறங்குபவர்களுக்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனால் பிளேசர் 66, ஜாக்கெட் 68. கண்ணாடி முன் அசையாமல் நிற்கும்போது மறைகிறது. நடந்தாலோ கையைத் தூக்கினாலோ பிளேசரின் விளிம்பு கீழே எட்டிப் பார்க்கிறது. அலுவலக உடையைக் கெடுக்க அது ஒன்றே போதும். கோட் உள்ளே இருக்கும் பிளேசரைவிடக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டராவது நீளமாக இருக்க வேண்டும். பத்து இருந்தால் கவலையே இல்லை. குர்தாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 34 சென்டிமீட்டர் வெளியே தொங்கியது, கடன் வாங்கிப் போட்டது போல.

இரண்டாவது, 82 சென்டிமீட்டரில் நடுத்தொடைக்குக் கொஞ்சம் கீழே முடியும் கம்பளிக் கோட். கடைகளில் அதிகம் தொங்குவது இந்த நீளம்தான், அதனால் பலரும் இதில்தான் வந்து முடிக்கிறார்கள். பிளேசர் முழுசாக மறைகிறது, படியேற வசதி, பேருந்தில் உட்கார்ந்தால் மடிந்து சிக்குவதில்லை. குறை இரண்டு. குர்தா இன்னும் 20 சென்டிமீட்டர் வெளியே தெரிகிறது. அதைவிடப் பெரியது குளிர். டொராண்டோவில் ஜனவரி இரவுகளின் சராசரி மைனஸ் 7 பாகை வாக்கில் இருக்கும். காற்றோடு சேர்ந்து மைனஸ் 20 போல உறைக்கும் நாட்களும் வரும். உடம்பின் மேல்பாதியில் மூன்று நான்கு அடுக்கு துணி போடுகிறோம். தொடையில் ஒரே அடுக்கு பேன்ட் துணிதான். நடுத்தொடையில் கோட் முடிந்தால், நிறுத்தத்தில் காத்து நிற்கும் பத்து நிமிடத்தில் முதலில் மரத்துப்போவது அந்த இடம்தான். உள்ளே தெர்மல் பேன்ட் போடலாம், உண்மைதான். ஆனால் சூடான அலுவலகத்தில் எட்டு மணிநேரம் அதோடு உட்கார வேண்டியிருக்கும்.

நான்காவதை முதலில் சொல்லிவிடுகிறேன்: 112 சென்டிமீட்டர், கெண்டைக்கால்வரை. நல்ல கதகதப்பு, குர்தாவையும் மூடிவிடுகிறது. ஆனால் பேருந்துப் படியில் அதன் முன் விளிம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தெருவில் உப்புத் தூவி, பனி உருகி, சேற்றுக்கூழாகக் கிடக்கும் நாட்களில் விளிம்பு முழுக்கக் கறைபடும். தங்கையின் உயரத்துக்கு அந்தக் கோட் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முடிந்தது. உயரமானவர்களுக்கும், வண்டியில் போய் வருபவர்களுக்கும் இது அருமையான நீளம். தினமும் நடப்பவர்களுக்கு அல்ல.

மிச்சம் இருப்பது முழங்காலை மூடும் நீளம். 92-இல் முழங்கால் என்றால் 95 முதல் 98 வரை தேடலாம் என்று முடிவு செய்தோம். சரியாக முழங்காலின் மேல் முடிவதைவிட இரண்டு மூன்று விரல் கீழே போவது ஏன் நல்லது என்றால், நடக்கும்போது கோட்டின் முன்பக்கம் விலகி மேலே ஏறும். அந்த இரண்டு விரல் இருந்தால்தான் நடையிலும் முழங்கால் மூடியிருக்கும். 97 சென்டிமீட்டர் கோட்டில் குர்தா ஐந்து சென்டிமீட்டர்தான் வெளியே தெரிந்தது. அந்த அளவு பாவாடை விளிம்பு போல இயல்பாகவே இருந்தது. பேன்ட், ஜீன்ஸ், குர்தா மூன்றுக்கும் ஒத்துப்போன ஒரே நீளம் இதுதான். ஒரே ஒரு நிபந்தனை: பின்னால் பிளவு இருக்க வேண்டும், அல்லது கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நீளக் கோட் நடையைக் கட்டிப்போடும். போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பட்டன்கள் இழுபட்டுப் பக்கவாட்டில் கோடு விழுந்தால் இடுப்புக்குக் கீழே அகலம் போதவில்லை என்று பொருள்.

இனி தோள். எனக்கு அதிக அக்கறை உள்ள விஷயம் இதுதான், ஏனென்றால் பிறகு திருத்தவே முடியாத இடம் இது. கை நீளத்தைத் தையல்காரர் குறைத்துத் தருவார். விளிம்பை மடித்துத் தைப்பார். பட்டனை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைப்பார். தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையை முழுக்கக் கழற்றி, லைனிங்கைப் பிரித்து, கைக்குழியையே மறுபடியும் வெட்ட வேண்டும். கூலி கோட்டின் விலையோடு போட்டி போடும். அப்படியும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக எதுவும் மாற்ற முடியாது.

நாம் அதிகம் பார்ப்பது, தோள் எலும்பின் முனையில் கை வந்து இணையும் சாதாரணத் தையல். இதில் தையல் விழும் இடம்தான் எல்லாம். தங்கையின் தோள் எலும்புகளுக்கு இடையே 37 சென்டிமீட்டர். பிளேசரின் தோள் 38.5. கோட் அதற்கு மேல் இன்னும் ஒன்று, ஒன்றரை கூடுதலாக, 40 வாக்கில் இருந்தால் பிளேசரின் தோள் அதற்குள் அடங்கும். சின்ன அளவு 38 இருந்தது. பிளேசரின் தோள் முனை வெளியிலிருந்தே முட்டாகத் தெரிந்தது, முதுகின் குறுக்கே கோடுகள் விழுந்தன. நடுத்தர அளவு 40.5. பிளேசரின் மேல் கச்சிதம்.

அப்புறம் பிளேசரைக் கழற்றிவிட்டுக் குர்தாவின் மேல் அதே கோட்டைப் போட்டோம். தோள் முனைக்கு வெளியே இரு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தாங்க ஆளில்லாமல் நின்றது. அதற்குக் கீழே மேல்கையில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம்தான் அடையாளம்: தோள் பெரிதாக இருந்தால் துணி எலும்பைத் தாண்டிப் போய், ஆதாரம் இல்லாமல் உள்வாங்கும். கண்ணாடியில் சந்தேகமாக இருந்தால் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று மெதுவாகச் சாயுங்கள். முதலில் சுவரில் படுவது உங்கள் மேல்கையாக இருக்க வேண்டும். கோட்டின் தோள் முனை முதலில் பட்டால் அது உங்களுக்குப் பெரிது.

பிளேசருக்குப் பொருந்தினால் குர்தாவுக்குத் தொங்குகிறது, குர்தாவுக்குப் பொருந்தினால் பிளேசருக்கு நெருக்குகிறது. ஒரே கோட் என்று முடிவு செய்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 'உள்ளே ஸ்வெட்டர் போடுவோமே, ஒரு அளவு பெரிதாக எடுத்துக்கொள்ளலாம்' என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் மார்பில் இடம் கிடைக்கும். கூடவே தோளும் கையும் பெரிதாகிவிடும். உயரம் 163 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'பெட்டீட்' என்ற தனி வரிசை இங்கே பல கடைகளில் உண்டு. அதில் தோள் அகலம், கை நீளம், இடுப்பு விழும் இடம் எல்லாமே சேர்ந்து குறையும். அளவைக் குறைத்து வாங்குவதைவிட அதைத் தேடுவது புத்திசாலித்தனம். ஆனாலும் மெல்லிய உடைக்கும் தடித்த உடைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அது தீர்க்காது.

இதற்கு இரண்டு விடைகள் கடையில் தொங்கின. ஒன்று, தோள் தையல் மேல்கையில் இறங்கி விழும் தளர்ந்த கோட். இப்போது எல்லா இடத்திலும் இதுதான். தையலே தோளில் இல்லாததால் எதன் மேலும் 'பொருந்தும்'. தங்கைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "கையைத் தூக்கிப் பாரு" என்றேன், சப்வேயில் மேல் கம்பியைப் பிடிப்பது போல. கோட் மொத்தமும் காதுவரை ஏறியது. கைக்குழி மிகக் கீழே இருந்தால் இப்படித்தான் ஆகும்: கை தூக்கினால் கை மட்டும் போகாது, கூடவே உடம்புத் துணியையும் இழுத்துக்கொண்டு போகும். அதோடு, அவ்வளவு அகலமான கைக்குள் பிளேசரின் கை சுருண்டு முழங்கையில் வந்து தங்கியது. நின்று படம் எடுக்க நல்ல கோட். தினமும் பேருந்தில் தொங்கிக்கொண்டு போக அல்ல.

இன்னொன்று ராக்லன். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சரிவாக ஓடும் தையல்; தோளும் கையும் ஒரே துண்டு. வாட்டர்லூ போரில் ஒரு கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயரால் வந்தது. எங்கள் சிக்கலுக்கு இது நேரான விடையாக அமைந்தது. தோள் முனையில் தையலே இல்லாததால், உள்ளே பிளேசர் இருந்தால் துணி அதன்மேல் வளைந்து போகிறது. குர்தா இருந்தால் எலும்பின்மேல் வளைந்து போகிறது. பள்ளமும் இல்லை, முட்டும் இல்லை. கைக்குழி ஓரளவு மேலேயே இருந்ததால் கை தூக்கினாலும் கோட் பெரிதாக ஏறவில்லை.

இதிலும் இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். பிளேசரில் தடித்த தோள் பட்டை இருந்தால் ராக்லனின் மேல் ஒரு மூலை துருத்தித் தெரியும். தங்கையின் பிளேசரில் பட்டை மெல்லியது, அதனால் தப்பித்தாள். அடுத்தது, சரிந்த தோள் உள்ளவர்களை ராக்லன் இன்னும் சரிவாகக் காட்டும். வாரம் ஐந்து நாளும் பிளேசர் போடுபவராக, அல்லது சரிந்த தோள் உள்ளவராக இருந்தால், பிளேசரின் மேல் அளந்து எடுத்த சாதாரணத் தோள்தான் நிமிர்வாக இருக்கும். விடுமுறை நாளில் கொஞ்சம் தொங்கினால் பரவாயில்லை என்று அதையே எடுங்கள். கலந்து உடுத்துபவர்களுக்கு என் வாக்கு ராக்லனுக்கு.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரணத் தோளில் கை நீளத்தைத் தோள் முனையிலிருந்து அளப்பார்கள். ராக்லனில் தோள் முனையே கிடையாது என்பதால் கழுத்திலிருந்து அளப்பார்கள். அதனால்தான் ஒரு பட்டியலில் 58 என்றும் இன்னொன்றில் 78 என்றும் இருக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது. தங்கைக்குப் பின்கழுத்து எலும்பிலிருந்து மணிக்கட்டு வரை 73. கோட்டின் கை பிளேசரின் கையை மூடி, கட்டைவிரல் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் முடிய வேண்டும். ஆகவே 75, 76 போதும்.

கடும் குளிருக்கு என்ன செய்வது? அதற்காகக் கோட்டையே ஒரு அளவு ஏற்ற வேண்டியதில்லை. உள்ளே போடும் மெல்லிய, கையில்லாத இறகு வெஸ்ட் ஒன்று இருந்தால் போதும். அது மார்பிலும் முதுகிலும்தான் கனம் சேர்க்கும். தோள் முனையிலும் கையிலும் ஒன்றும் சேர்க்காது. எனவே தோளை உடைக்கு ஏற்றபடி எடுங்கள். மார்பில் மட்டும் வெஸ்ட்டுக்கு இடம் இருக்கிறதா என்று பட்டன் போட்டுப் பாருங்கள். உள்ளே வெஸ்ட்டும் பிளேசரும் இருக்கும்போது ஒரு உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்க முடிந்தால் போதும்.

நிறத்துக்கு வருவோம். கறுப்புதான் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது பாதி உண்மை. உடைகளோடு பொருந்தும், டொராண்டோ தெருவோடு பொருந்தாது. தெரு உப்பு காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும், அது பளிச்சென்று தெரிவது கறுப்பில்தான். ஸ்வெட்டர் நூலும் சால்வைத் தூசியும் தலைமுடியும்கூட அப்படித்தான். என் கறுப்புக் கோட்டுக்காகத் தூசி எடுக்கும் ஒட்டு உருளையை நான்கு வருடம் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நேவி ப்ளூ கறுப்பைவிட மென்மையானது, நம் நிறத்துக்கு எடுப்பானது. சாம்பல் பேன்ட்டுக்கும் மெரூன் குர்தாவுக்கும் அழகு. ஆனால் தங்கையின் பிளேசரும் நேவி. இரண்டு நேவிகள் கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்தன; ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒன்று ஊதாவை நோக்கிச் சாய்ந்தது, மற்றது பச்சையை நோக்கி. முழுக்கப் பொருந்தினாலும் நல்லது, நன்றாக விலகி நின்றாலும் நல்லது. இப்படிக் கிட்டத்தட்ட பொருந்துவதுதான் தவறு செய்துவிட்ட மாதிரி காட்டும். கருநீல ஜீன்ஸோடும் இதே கதைதான். எந்த அடர்நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஒட்டக நிறம், அதாவது கேமல். மனசைத் தொட்டுச் சொன்னால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நேவி பிளேசர், ஜீன்ஸ், வெள்ளைச் சட்டை, மெரூன் குர்தா, எதன் மேலும் இது அழகு. நம் தோல் நிறத்தோடு சேர்ந்தால் முகமே வெளிச்சமாகும். ஆனால் தினமும் போடும் ஒரே கோட்டாக இதை எடுக்காதீர்கள். கை விளிம்பும் பாக்கெட் ஓரமும் ஒரு மாதத்தில் கறுக்கும். பேருந்துச் சேறு தெறித்தால் மறைக்க வழியில்லை. புது ஜீன்ஸின் நீலச் சாயம் கோட்டின் உள்விளிம்பில் உரசி ஒட்டிக்கொள்ளும். கம்பளிக் கோட்டை வீட்டில் துவைக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் டிரை கிளீனிங்தான். இரண்டாவது கோட் வாங்கும் வருடம் வரட்டும், அப்போது இதை வாங்கலாம் என்று தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாங்கள் எடுத்தது அடர் சாம்பல், இங்கே சார்கோல் என்பார்கள். சமமான ஒரே நிறமாக இல்லாமல், வெளிர் இழையும் கரு இழையும் கலந்து நெய்தது. உப்புத் திட்டும் தூசியும் அந்தக் கலப்பில் கரைந்துவிடுகின்றன. கறுப்பு பேன்ட்டுக்கும் நேவி பிளேசருக்கும் ஜீன்ஸுக்கும் தெளிவான இடைவெளியோடு நிற்கிறது. அதன் குறை ஒன்றே ஒன்று: கழுத்தருகே சாம்பல் வந்தால் நம் முகம் கொஞ்சம் வாடித் தெரியும். அதைச் சால்வை தீர்த்துவிடும். அவளிடம் ஏற்கெனவே கடுகு மஞ்சளில் ஒன்றும் மெரூனில் ஒன்றும் இருந்தன. டிசம்பரில் இங்கே மாலை 4:40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அடர்நிறக் கோட்டில் சாலையைக் கடப்பவரை ஓட்டுநருக்குத் தெரிவது கஷ்டம் என்பதால், அவள் தோள்பையில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்றையும் மாட்டிவிட்டேன். முதுகுப்பை வேண்டாம் என்றும் சொன்னேன். பட்டை உரசும் இடத்தில் கம்பளி உருண்டு உருண்டு பிசிறாகும், ஒரு குளிர்காலத்திலேயே தோள் பழசாகிவிடும்.

ஆக, கடைசியில் வாங்கியது: ராக்லன் தோள், 97 சென்டிமீட்டர், இழை கலந்த அடர் சாம்பல், பின்னால் பிளவு. கை 78 இருந்தது. அட்டையைக் கிழிக்காமல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே மூன்று உடைகளின் மேலும் போட்டு நடந்து பார்த்தாள். சரி என்றான பிறகுதான் தையல்காரரிடம் கொடுத்து இரண்டரை சென்டிமீட்டர் குறைத்தோம். கை விளிம்பில் பட்டனோ பட்டையோ இல்லாததால் சுலபமாக முடிந்தது.

முதல் திங்கட்கிழமை காலையில் அவள் கிளம்பியபோது வாசலில் நிறுத்தினேன். பின்புறப் பிளவில் பெருக்கல் குறி போல வெள்ளை நூலால் தைத்திருந்தது அப்படியே இருந்தது. "டிசைன்னு நினைச்சேன் அக்கா" என்றாள். கடைக்கு வரும் வழியில் கசங்காமல் இருக்கப் போடும் தற்காலிகத் தையல் அது. பிரிக்காவிட்டால் பிளவு திறக்காது, நடையும் வராது. கத்தரிக்கோலால் அதை வெட்டினேன், கையில் வெளிப்பக்கம் ஒட்டித் தைத்திருந்த பெயர்த் துண்டையும் பிரித்தேன். பேருந்துக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.